பாட்டி ஏன் தரையைத் தட்டினார்? கேப்ஷனில் சத்தத்தை எழுதும் வேலை

கொஞ்ச நாள் முன்பு ஒரு குறும்படத்துக்குத் தமிழ் கேப்ஷன் எழுதிக் கொடுத்தேன். 14 நிமிடப் படம். வசனமெல்லாம் சரியாக இருக்கிறதா என்று இரண்டு முறை பார்த்துவிட்டு, என் அத்தை மகனுக்கு அனுப்பினேன். 7 வயதில் வந்த ஒரு காய்ச்சலில் அவருக்குக் காது போனது. பிறவியிலேயே காது கேளாத அவர் மனைவியும் அவரும் சேர்ந்து உட்கார்ந்து பார்த்திருக்கிறார்கள். இரவு வாட்ஸப்பில் ஒரே ஒரு கேள்வி வந்தது: "மாப்ள, நடுவுல அந்தப் பாட்டி எதுக்குத் தரையைத் தட்டுது?"

அந்த இடத்தில் ஒரு பல்லி கத்துகிறது. பல்லி சத்தமிட்டால் விரலை மடக்கித் தரையில் தட்டி, "கிருஷ்ணா கிருஷ்ணா" என்று முணுமுணுக்கும் பழக்கம் பல வீடுகளில் உண்டு. பாட்டி தட்டுவது திரையில் தெரிகிறது. பல்லி ஓட்டுக்கூரை இடுக்கில் எங்கோ இருக்கிறது, படத்தில் இல்லை. நான் அதை எழுதவில்லை. என் காதில் விழாமல் இல்லை. விழுந்த வேகத்தில் புரிந்துவிட்டதால், அப்படி ஒரு சத்தம் வந்ததே எனக்கு உறைக்கவில்லை. காது கேட்கிறவர்கள் கேப்ஷன் எழுதும்போது அடிக்கடி வழுக்கி விழுகிற இடம் இதுதான்.

சப்டைட்டிலும் கேப்ஷனும் ஒன்று என்றுதான் பலர் நினைக்கிறார்கள். சப்டைட்டில், மொழி தெரியாதவருக்காக எழுதப்படுவது. அவருக்குக் காது கேட்கும் என்பதால் வசனத்தை மட்டும் மொழிபெயர்த்தால் போதும். கதவு தட்டுவதும் குழந்தை அழுவதும் அவருக்குத் தானாகவே போய்ச் சேர்ந்துவிடும். குளோஸ்டு கேப்ஷன், ஒலி எதுவுமே போய்ச் சேராதவருக்காக எழுதப்படுவது. அதனால் வசனத்தோடு, கதைக்கு வேண்டிய சத்தங்களும் இசையும் அதில் எழுத்தாக வரும். அவற்றைப் பெரும்பாலும் சதுர அடைப்புக்குறிக்குள் போடுவது வழக்கம். 'குளோஸ்டு' என்றால், பார்ப்பவர் வேண்டும்போது போட்டுக்கொள்ளவும் வேண்டாதபோது எடுத்துவிடவும் முடியும் என்று பொருள். படத்தோடு ஒட்டியே வந்தால் அது ஓப்பன் கேப்ஷன்.

இந்தியாவில் 2016ஆம் ஆண்டின் மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டமே காட்சி ஊடகங்களில் கேப்ஷன் வேண்டும் என்கிறது. திரையரங்குகளுக்கென்று தனி வழிகாட்டு நெறிமுறைகளை மத்திய தகவல் ஒலிபரப்பு அமைச்சகம் 2024 மார்ச்சில் வெளியிட்டது. ஆனால் தமிழ்ப் படத்துக்குத் தமிழிலேயே கேப்ஷன் போடும்போது அடைப்புக்குறிக்குள் என்ன எழுதுவது என்பதைச் சட்டம் சொல்லித் தராது. அதைக் காட்சிக்குக் காட்சி நாம்தான் முடிவுசெய்ய வேண்டியிருக்கிறது.

சரி, அந்தக் காட்சிக்கே வருவோம். கிராமத்து வீடு, சாயங்காலம். பாட்டி அடுப்படியில் அரிவாள்மனை முன் உட்கார்ந்து கத்தரிக்காய் நறுக்குகிறார். கேமரா அவரை விட்டு நகர்வதே இல்லை. ஐம்பது நொடிக்கு ஒரு வார்த்தை வசனம் கிடையாது. நடப்பதெல்லாம் சத்தத்தில்தான் நடக்கிறது. பக்கத்து அறையில் டிவி சீரியல் ஓடுகிறது. குக்கர் விசில் அடிக்கிறது. வெளியே நாய் குரைக்கிறது. தூரத்திலிருந்து ஒரு புல்லட் வந்து வாசலில் நிற்கிறது. நாய் அடங்குகிறது. கேட் திறக்கிறது. பல்லி கத்துகிறது, பாட்டி தரையைத் தட்டுகிறார். இசை தொடங்குகிறது. காலடிகள் வருகின்றன. இசை நிற்கிறது. குக்கர் மறுபடியும் விசில் அடிக்கிறது, பாட்டி எழுந்திருக்கவில்லை. ஊரைவிட்டு ஓடிப்போன மூத்த மகன் திரும்பி வந்திருக்கிறான். அதைப் பார்ப்பதற்கு முன்பே பாட்டிக்கும் நமக்கும் தெரிந்துவிடுகிறது. காட்சியே அதற்காக எடுத்ததுதான்.

என் முதல் பிரதியில் இருந்தவை இவ்வளவுதான்: [டிவி சத்தம்], [குக்கர் சத்தம்], [நாய் குரைக்கும் சத்தம்], [பைக் சத்தம்], [கேட் சத்தம்], [மர்மமான இசை]. கேட்ட சத்தங்களையெல்லாம் எழுதிவிட்டேன் என்று ஒரு நிம்மதி வேறு.

இப்போது அந்தப் பட்டியலை ஒவ்வொன்றாகப் பிரித்துப் பார்க்கலாம். ஒரு சத்தத்தை எழுதலாமா வேண்டாமா என்று தெரிய ஒரு கேள்வி போதும்: இந்தச் சத்தம் கேட்கவில்லை என்றால் இந்தக் காட்சியில் எது புரியாமல் போகும்? டிவியை எடுத்துக்கொள்ளுங்கள். அது கேட்காவிட்டால் ஒன்றும் குறையாது. இது ஒரு வீடு, யாரோ டிவி போட்டிருக்கிறார்கள், அவ்வளவுதான். அதை எடுத்துவிட்டேன். காய் நறுக்கும் சத்தமும் வேண்டாம், அது கண்ணுக்கே தெரிகிறது. பல்லியை எடுத்தால் ஒரு செயலுக்குக் காரணமே இல்லாமல் போகிறது. அப்போது பாட்டிக்குப் புத்தி பேதலித்ததோ என்றுகூடத் தோன்றலாம். என் மச்சானுக்கு அப்படித்தான் தோன்றியிருக்கிறது.

இதைவிட நுட்பமானது நாய். நாய் குரைப்பதை எழுதினேன், அடங்குவதை எழுதவில்லை. ஆனால் காட்சியின் உயிர் அந்த அடக்கத்தில்தான் இருக்கிறது. வெளி ஆள் என்றால் கேட்டைத் திறக்கும்போது நாய் இன்னும் ஆவேசமாகக் குரைத்திருக்கும். வண்டி நின்றதும் அது அடங்குகிறது என்றால் வந்தவன் அதற்குத் தெரிந்தவன். காது கேட்பவர் இதை யோசிப்பதுகூட இல்லை, தானாக உணர்ந்துகொள்கிறார். கேப்ஷனில் [நாய் குரைக்கிறது] என்று மட்டும் போட்டு நிறுத்தினால், அதைப் படித்தவர் மனதில் அந்த நாய் காட்சி முடியும் வரை குரைத்துக்கொண்டே இருக்கும். எனவே தொடங்கியதை எழுதினால், நின்றதற்குப் பொருள் இருக்கும் இடத்தில் நின்றதையும் எழுத வேண்டும். மழை விட்டது, ஜெனரேட்டர் நின்றது, பக்கத்து வீட்டு ஒப்பாரி ஓய்ந்தது எல்லாம் இந்தக் கணக்கில் வரும்.

அடுத்தது, எப்படி எழுதுவது. புதிதாக எழுதுபவர்களின் கேப்ஷனில் 'சத்தம்' என்ற சொல் எறும்பு மாதிரி ஊர்ந்துகொண்டிருக்கும். கதவு சத்தம், வண்டி சத்தம், நாய் சத்தம். கதவு என்றால் திறந்ததா, சாத்தியதா, யாராவது தட்டினார்களா, காற்றில் அடித்துக்கொண்டதா? 'கதவு சத்தம்' இதில் எதையும் சொல்வதில்லை. எதிலிருந்து வருகிறது என்பதை முதலில் வைத்து, அது என்ன செய்கிறது என்பதை ஒரு வினைச்சொல்லால் சொன்னால் பாதி வேலை முடிந்துவிடும். தமிழில் வினைச்சொற்களே சத்தத்தைத் தூக்கிக்கொண்டு வரும். நாய் குரைப்பதும் உறுமுவதும் ஊளையிடுவதும் வேறு வேறு செய்தி. அழுகையில் மட்டும் விம்முவது, தேம்புவது, கேவுவது, விசும்புவது என்று எத்தனை இருக்கின்றன! மூடிய அறைக்குள்ளிருந்து வரும் அழுகைக்கு [அழுகைச் சத்தம்] என்று எழுதுவதற்கும் [உள்ளே அம்மா விம்முகிறாள்] என்று எழுதுவதற்கும் நடுவில் எவ்வளவோ தூரம்.

இரட்டைக்கிளவி போன்ற ஒலிக்குறிப்புச் சொற்கள் மேல் நமக்கு ஒரு தனிப் பிரியம் உண்டு. டொக் டொக், சலசல, படபட, கிரீச் என்று அடைப்புக்குறிக்குள் போட்டுவிட்டால் கேப்ஷன் உயிரோடு இருக்கிற மாதிரி தோன்றும். என் மச்சானுக்கு அது ஓரளவு வேலை செய்கிறது. 7 வயது வரை கேட்டவர், 'டொக் டொக்' என்று படித்தால் நினைவில் ஒரு கதவு தட்டப்படும். அவர் மனைவிக்கு அப்படி இல்லை. 'சலசல' அவருக்குத் தமிழ்ப் பாடத்தில் இரண்டு மதிப்பெண் கேள்வி. ஓடை என்ற சொல் கூட வந்தால்தான் அதற்கு அர்த்தம். அதனால் ஒலிக்குறிப்பை மட்டும் தனியாக விடக் கூடாது. [கிரீச்] என்பதற்குப் பதில் [கேட் கிரீச்சிட்டுத் திறக்கிறது] என்று எழுதினால் இருவருக்கும் கிடைக்கும். அவருக்கு நினைவு, இவருக்குச் செய்தி.

நீடிக்கும் சத்தத்தையும் ஒரே ஒரு தடவை வரும் சத்தத்தையும் பிரித்துக் காட்டுவதும் தேவை. ஆங்கிலக் கேப்ஷனுக்கு இதற்கு இலக்கண வழி ஒன்று இருக்கிறது. வினையின் வடிவத்தை மாற்றினாலே அது ஒருமுறையா, தொடர்ந்து வருவதா என்று தெரிந்துவிடும். நமக்கு அப்படி ஒரே எழுத்தில் முடியாது. [நாய் ஒருமுறை குரைக்கிறது], [நாய் விடாமல் குரைக்கிறது] என்று ஒரு சொல் கூட்டிக்கொள்ள வேண்டியதுதான்.

தமிழ் இன்னொரு வகையில் நம்மை மாட்டிவிடும். திரைக்கு வெளியே யாரோ இருமுகிறார்கள். யார் என்று பார்ப்பவருக்கு இன்னும் தெரியாது, தெரியக் கூடாது. தமிழில் 'இருமுகிறான்' என்று எழுதினால் ஆண் என்று காட்டிக்கொடுத்தாகிவிட்டது. 'இருமுகிறாள்' என்றால் பெண். 'இருமுகிறார்' என்றால் மரியாதைக்குரிய யாரோ ஒருவர் என்று வேறு ஒரு குறிப்பு கிடைத்துவிடுகிறது. நம் வினைமுற்று எதையாவது உளறாமல் முடியாது. இங்கேதான் நான் திட்டிய அந்தச் 'சத்தம்' நம்மைக் காப்பாற்றும்: [யாரோ இருமும் சத்தம்]. குரலைக் கேட்டாலே ஆண் என்று தெரிகிறது என்றால் [ஓர் ஆணின் இருமல்] என்று எழுதலாம். காது கேட்பவருக்கு அந்த நொடியில் எவ்வளவு தெரியுமோ அவ்வளவுதான் அளவு. பைக்கில் வருவது மூத்த மகன்தான் என்று எனக்குத் தெரியும், திரைக்கதை என் மேசை மேல் இருக்கிறது. அதற்காக [மூத்த மகனின் பைக்] என்று எழுதினால் இயக்குநர் ஐம்பது நொடி கட்டியதை நான் ஒரு வரியில் உடைத்ததாகிவிடும்.

அப்படியென்றால் வெறும் [பைக் வருகிறது] என்று விடுவதா? அதுவும் தவறு. படத்தின் மூன்றாவது நிமிடத்தில், பழைய நினைவாக வரும் காட்சியில், அந்த மகன் புல்லட்டில்தான் ஊரைவிட்டுப் போகிறான். அந்த வண்டியின் தடதடப்பு காது கேட்பவர் நினைவில் இருக்கும். எனவே அங்கே [புல்லட் தடதடத்துக் கிளம்புகிறது] என்றும், இங்கே [தூரத்தில் புல்லட் தடதடத்து வருகிறது] என்றும் அதே சொல்லைத் திரும்பப் போட்டேன். ஒரே சத்தத்துக்கு ஒவ்வொரு முறையும் புதுச் சொல் தேடுவது கட்டுரைக்கு அழகு. கேப்ஷனில் அது வேறு சத்தம் என்று ஆகிவிடும். முதல் பிரதியில் மூன்றாவது நிமிடத்தில் 'புல்லட்' என்றும் ஏழாவது நிமிடத்தில் 'பைக்' என்றும் எழுதியிருந்தேன். முடிச்சை நானே அவிழ்த்துவிட்டேன், யாருக்கும் தெரியவில்லை.

இனி இசை. கேப்ஷன் எழுதுவதில் எனக்கு மிகவும் சிரமமான பகுதி இதுதான், சோம்பேறித்தனம் அதிகம் தெரிகிற பகுதியும் இதுதான். சோகமான இசை, மகிழ்ச்சியான இசை, மர்மமான இசை என்று மூன்று முத்திரை செய்து வைத்துக்கொண்டால் ஒரு முழுப் படத்தையும் ஒப்பேற்றிவிடலாம். மச்சான் இதைப் பற்றி அனுப்பியது இது: "அழுற மூஞ்சி தெரியுது, அதுக்குக் கீழ சோக இசைன்னு போட்டா எனக்கு என்ன புதுசா கிடைச்சுது?"

கேள்வி நியாயமானது. படமும் இசையும் ஒரே திசையில் போகும்போது இசைக் குறிப்பு கொஞ்சம்தான் கூட்டும். இரண்டும் எதிர்த்திசையில் போகும்போது அது இல்லாமல் காட்சியே மாறிவிடும். எங்கள் காட்சியில் பாட்டி அமைதியாகக் காய் நறுக்குகிறார், முகத்தில் ஒன்றும் இல்லை. இசைதான் ஏதோ வரப்போகிறது என்கிறது. எனவே அதை எழுதியே ஆக வேண்டும்.

என்ன எழுதுவது? உணர்ச்சி, கருவி, அசைவு என்று மூன்று உண்டு. மூன்றையும் எப்போதும் எழுத முடியாது, இடம் இருக்காது. அசைவு என்று நான் சொல்வது, இசை தொடங்குகிறதா, வலுக்கிறதா, தேய்கிறதா, வெட்டினாற்போல் நிற்கிறதா என்பது. புதியவர்கள் விட்டுவிடுவது இதைத்தான். பிறவியிலேயே கேளாதவருக்கு வயலினுக்கும் செல்லோவுக்கும் ஒலியில் உள்ள வேறுபாடு வெறும் பெயர்தான். ஆனால் வளர்வதும் சட்டென்று நிற்பதும் எல்லோருக்கும் புரியும், ஏனென்றால் அது காலத்தில் நடப்பது. ஒலித்தடத்தில் இருந்தது இது: தாழ்ந்த ஒற்றை வயலின் இழை ஒன்று, மெதுவாகத் தடித்துக்கொண்டே போய், காலடிகள் வாசலில் நின்ற அதே கணத்தில் அறுந்துவிடுகிறது. நான் அதை இரண்டாக எழுதினேன். தொடங்கும் இடத்தில் [ஒற்றை வயலின் பதற்றத்தோடு வலுக்கிறது]. அறும் இடத்தில் [இசை சட்டென்று அறுகிறது]. இரண்டாவது வரி இல்லாவிட்டால் முதல் வரிக்குப் பாதி மதிப்புதான்.

உணர்ச்சிச் சொல்லை எழுதலாமா என்பதில் கருத்து வேறுபாடு உண்டு. அமெரிக்காவில் டி.சி.எம்.பி. என்ற அமைப்பு வெளியிட்டிருக்கும் கேப்ஷன் வழிகாட்டி, மனநிலையைச் சொல்லுங்கள், ஆனால் இனிமையான, அழகான என்பது போன்ற உங்கள் ரசனையைச் சொல்லாதீர்கள் என்கிறது. எனக்கு இந்தக் கோடு பிடித்திருக்கிறது. 'பதற்றம்' காட்சி உண்டாக்க நினைப்பது. 'மனதை உருக்கும்' என்பது என் மனது உருகியதைப் பற்றிய தகவல், அது யாருக்கும் வேண்டாம்.

கருவியின் பெயருக்கு வருவோம். சில கருவிகள் நம் ஊரில் வெறும் கருவிகள் அல்ல, அவையே செய்தி. ஒரு கல்யாணக் காட்சியில் கேமரா மண்டபத்துக்கு வெளியே, ஓடி வரும் ஒருவன் மீது இருக்கிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். உள்ளே கெட்டிமேளம் முழங்குகிறது. இதற்கு [மகிழ்ச்சியான மங்கல இசை] என்று எழுதினால் கதை செத்தது. [உள்ளே கெட்டிமேளம் முழங்குகிறது] என்றால் தாலி ஏறுகிறது, அவன் தாமதமாக வந்துவிட்டான் என்று அர்த்தம். பிறவியிலேயே கேளாதவரும் எத்தனையோ கல்யாணம் பார்த்திருப்பார். பெரியவர் ஒருவர் கையை உயர்த்திக் காட்டுவதும் தவில்காரர் கை பறப்பதும் எந்த நேரத்தில் என்று அவருக்குத் தெரியும். அதே போலத்தான் தெருக்கோடியில் கேட்கும் சங்கும் சேகண்டியும். அதை எழுதினால் சாவு என்று தனியாகச் சொல்ல வேண்டியதில்லை. ஆனால் ராகத்தின் பெயரை எழுத வேண்டாம். முகாரி என்று எழுதினால் காது கேட்கிறவர்களிலும் பலருக்கு விளங்காது. பாத்திரமே அந்த ராகத்தைப் பற்றிப் பேசுகிற படமாக இருந்தால் அது வேறு.

பாட்டு வந்தால் வரிகளை எழுதி, இருபுறமும் ♪ குறி இடுவார்கள். ரேடியோவில் ஒலிக்கும் பாட்டா, காட்சிக்கு மேல் ஓடும் பாட்டா என்பதை முதல் முறை சொல்லிவிட்டால் போதும். பாட்டும் வசனமும் மோதினால் வசனத்துக்குத்தான் இடம். பாட்டின் வரியே கதைக்குப் பதில் சொல்லும் அபூர்வமான இடங்கள் மட்டும் விலக்கு.

இனி நேரமும் நீளமும். கேப்ஷன் படிக்கிற கண்ணும் படம் பார்க்கிற கண்ணும் ஒன்றேதான் என்பதை எழுதும்போது மறந்துவிடுகிறோம். ஒவ்வொரு அடைப்புக்குறியும் பாட்டியின் முகத்திலிருந்து ஒரு நொடியைத் திருடுகிறது. நெட்ஃபிளிக்ஸின் பொது வழிகாட்டியில் ஒரு கேப்ஷன் குறைந்தது ஒரு நொடியில் ஆறில் ஐந்து பங்கும், அதிகபட்சம் 7 நொடியும் திரையில் நிற்க வேண்டும், இரண்டு வரிக்கு மேல் போகக் கூடாது. ஆங்கிலத்துக்கு ஒரு வரிக்கு 42 எழுத்து எல்லை. இதைத் தமிழுக்கு அப்படியே எடுத்துக்கொண்டால் ஒரு வேடிக்கை நடக்கும். [வெளியே நாய் குரைக்கிறது] என்பது, இடைவெளியும் அடைப்புக்குறியும் சேர்த்து, நம் கண்ணுக்கு 15 எழுத்து. யூனிகோடு குறியீடுகளை எண்ணும் மென்பொருளுக்கு அது 25. கொம்பு, புள்ளி, துணைக்கால் ஒவ்வொன்றையும் அது தனியாக எண்ணுகிறது. வரி நீளம் என்று மென்பொருள் சிவப்புக் காட்டினால் உடனே சொல்லைக் கொத்தாதீர்கள். கைபேசித் திரையில் ஒருமுறை ஓடவிட்டுப் பாருங்கள், அதுதான் தீர்ப்பு.

காட்சியின் நடுப்பகுதி, திருத்திய பிறகு, கோப்பில் இப்படி இருந்தது:

```
41
00:07:12,300 --> 00:07:14,300
[வெளியே நாய் குரைக்கிறது]

42
00:07:15,600 --> 00:07:18,000
[தூரத்தில் புல்லட்
தடதடத்து வருகிறது]

43
00:07:19,400 --> 00:07:21,800
[புல்லட் நிற்கிறது
நாய் அடங்குகிறது]

44
00:07:22,300 --> 00:07:24,000
[கேட் கிரீச்சிட்டுத் திறக்கிறது]

45
00:07:24,500 --> 00:07:26,000
[பல்லி கத்துகிறது]
```

முதல் வரி வரிசை எண். அடுத்தது தொடங்கும் நேரமும் முடியும் நேரமும்: மணி, நிமிடம், நொடி, காற்புள்ளிக்குப் பின் ஆயிரத்தில் ஒரு பங்கு நொடி. இந்தக் கோப்பை நோட்பேடில்கூட எழுதலாம், Subtitle Edit போன்ற இலவச மென்பொருளில் அலை வரைபடத்தைப் பார்த்துக்கொண்டே எழுதினால் சத்தம் தொடங்கும் இடம் பிசகாது.

வசனம் ஒரு கீற்று முன்னே பின்னே வந்தால் யாரும் கண்டுகொள்ள மாட்டார்கள். சத்தம் அப்படியல்ல. பல்லி வரி 7:24.5க்கு வருகிறது, பாட்டி தட்டுவது 7:26க்கு. இது ஒரு நொடிக்கு மேல் பிந்தினால் தட்டலும் எழுத்தும் ஏறக்குறைய ஒன்றாக வந்துவிடும். இன்னும் பிந்தினால் பாட்டி தட்டியதால் பல்லி கத்தியது போலாகும். முந்தினால் வேறு தொல்லை: வெடிக்கும் முன்பே [வெடிச் சத்தம்] என்று வந்து நின்றால் திடுக்கிட வேண்டியவர் காத்துக்கொண்டு உட்கார்ந்திருப்பார். 43ஆம் வரியில் இரண்டு சத்தத்தை ஒன்றாகக் கட்டியதற்குக் காரணம் இருக்கிறது. தனித்தனியாகப் போட்டால் ஒன்றரை நொடியில் இரண்டு பலகை மாறும், கண் திணறும். அதோடு, வண்டி நின்றதும் நாய் அடங்கியதும் பக்கத்தில் பக்கத்தில் இருந்தால்தான் ஒன்றுக்கொன்று தொடர்பு என்று தோன்றும்.

எழுதி முடித்ததும் நான் இரண்டு முறை பார்க்கிறேன். முதலில் படத்தை மறைத்துவிட்டுச் சத்தத்தை மட்டும் கேட்பேன். மடிக்கணினித் திரையைத் தாழ்த்திக்கொண்டு கேட்டாலே போதும். அப்போதுதான் பல்லி, தூரத்து ரயில், மாடிப்படியில் செருப்பு எல்லாம் தனித்தனியாகக் காதில் விழும். அதன் பிறகு, ஒரு நாள் விட்டு, ஒலியை முழுக்க அணைத்துவிட்டு கேப்ஷனோடு பார்ப்பேன். யாராவது திரும்பிப் பார்த்து, எதற்குத் திரும்பினார் என்று எழுத்தில் இல்லை என்றால் அங்கே ஒரு ஓட்டை. பாட்டி காட்சியில் இதைச் செய்திருந்தால் நானே பிடித்திருப்பேன். அப்போது ஒலியை அணைக்காமல் இரண்டு முறை பார்த்தேன், அதனால் இரண்டு முறையும் எல்லாம் சரியாகவே இருந்தது.

ஆனாலும் இந்தச் சோதனை ஓரளவுக்குத்தான். கதை எனக்கு முன்பே தெரியும், மூளை தானாக நிரப்பிவிடும். திருத்திய கோப்பை மறுபடி மச்சானுக்கே அனுப்பினேன். நாயும் புல்லட்டும் சரி என்றார். குக்கர் விசிலில் வந்து மாட்டினேன்.

படத்தின் ஆறாவது நிமிடத்தில் பாட்டி பேத்தியிடம், "மூணு விசில் வந்தா இறக்கணும்" என்கிறார். கடைசியில் நான்காவது விசில் வரும்போது எழாமல் வாசலையே பார்த்துக்கொண்டிருக்கிறார். பேத்தியும் பக்கத்தில் இல்லை. அந்த இடத்துக்கு [நான்காவது விசில்] என்று எழுதியிருந்தேன். இயக்குநருக்கு அது பிடிக்கவில்லை. பார்ப்பவர்கள் எண்ணினால் எண்ணட்டும், நீங்கள் ஏன் எண்ணிக் கொடுக்கிறீர்கள் என்றார். அவர் சொல்வதும் சரிதான், காது கேட்பவருக்கு யாரும் எண்ணிக்கை சொல்வதில்லை. [மீண்டும் குக்கர் விசில்] என்று மாற்றினேன். இரண்டையும் மச்சானுக்குக் காட்டி எது நல்லது என்று கேட்டேன்.

"எண்ணச் சொன்னா எண்ணிக்கிறோம் மாப்ள," என்று எழுதினார். "ஆனா நீ மொத விசிலையே போடலையே?"

போய்ப் பார்த்தேன். முதல் விசில் 6:41இல், பேத்தி பேசிக்கொண்டிருக்கும்போது பின்னால் அடிக்கிறது. வசனம் இருக்கிறதே என்று விட்டிருக்கிறேன். பேத்தியின் வசனத்தைப் பேச்சின் நடுவில் விழும் ஒரு மூச்சில் இரண்டு கேப்ஷனாகப் பிரித்து, முதல் துண்டை மேல் வரியாகவும் அதன் கீழ் [குக்கர் விசில்] என்றும் போட்டேன். 7:08, 7:29, 7:47 மூன்றுக்கும் [மீண்டும் குக்கர் விசில்].